ஐயா போட்ட டிக்குகள்

பெருமதிப்பிற்குரிய வட்டார அலுவலக மனிதவளப் பிரிவுக்கு,

‘நான் பேசுவது கண்டிப்பா, கேவலப்படுத்தலா?’ என்ற சுயபரிசோதனைப் படிவத்தை எல்லா மேலாளர்களுக்கும் அனுப்பிவைத்தீர்கள். நன்றி. எங்கள் வட்டார மேலாளர் ஐயா பத்துக் கேள்விக்கும் தாமே பதில் எழுதி, தாமே திருத்தி, பத்துக்குப் பத்து வாங்கி, வாட்ஸாப் குழுவிலும் போட்டுவிட்டார். கைதட்டல் பொம்மைகள் குவிந்தன.

அன்று சாயங்காலமே வீடியோ கூட்டம். எல்லாக் கிளைகளும் பார்த்துக்கொண்டிருக்க ஐயா என்னிடம் கேட்டார்: “நகைக்கடன் 40 லட்சம் போடச் சொன்னா 26-ல நிக்குது. உனக்கெல்லாம் எதுக்கு நாற்காலி? மாடு மேய்க்கப் போ.” காரணம் சொல்ல வாயைத் திறந்தேன், மைக்கை அணைத்துவிட்டார். ‘பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறேன்.’ டிக்.

நகை மதிப்பீட்டாளர் நான்கு நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். உரசிப் பார்த்துச் சான்று தர ஆளில்லாமல் நகையை வாங்கக் கூடாது என்பது வங்கியே போட்ட விதி. வந்தவர்கள் பையோடு திரும்பிப் போனார்கள். ஐயா கண்டிப்பாகவே பேசியிருக்கலாம்: “முதல் நாளே ஏன் சொல்லல? காலையில பக்கத்துக் கிளை மதிப்பீட்டாளரை வரவழைங்க. திரும்பிப் போனவங்களுக்கு ஃபோன் போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பாக்கி வந்தாகணும்.” இதுவும் சுருக்கென்று தைத்திருக்கும். முதல் கேள்விக்கு என்னிடம் பதிலும் இருந்திருக்காது. ஆனால் மறுநாள் காலை என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். மாடு மேய்க்கச் சொன்னதில் எந்தக் கிளை மாடு, எத்தனை மணிக்கு என்ற விவரம்கூட இல்லை. ‘தெளிவான வழிகாட்டல் தருகிறேன்.’ டிக்.

மாடு மேய்ப்பதில் என்னய்யா கேவலம்? என் தாத்தா மேய்த்தவர்தான். என்னிடம் வேலை பழகவந்த பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கமுடியாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே, அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவார் உங்கள் ஐயா? நாளைக்கு நான் அவர்களை எப்படி வேலை வாங்குவது?

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. ஐயாவுடைய குரல் பொதுமேலாளர் வரும் கூட்டத்தில் உயர்வதே இல்லை. போன காலாண்டில் வட்டாரமே இலக்கைத் தவறவிட்டபோது “சார், ஒரு சின்ன விளக்கம்” என்றுதான் தொடங்கினார். அவருடைய மைக்கை யாரும் அணைக்கவில்லை. கோபத்தை அடக்க ஐயாவுக்கு நன்றாகவே வரும். ‘சுயகட்டுப்பாடு.’ இரண்டு டிக்காகவே போடலாம்.

படிவத்துக்கு உண்மையான பலனும் உண்டு. மறுநாள் அறிக்கையில் ஒரு கிளையிலும் குறையில்லை. வராத கடனெல்லாம் ‘பைப்லைனில்’ இருக்கிறது. எந்த மதிப்பீட்டாளருக்கும் காய்ச்சலில்லை, எந்த சர்வரும் படுக்கவில்லை. கெட்ட செய்தியே வராத வட்டாரம் என்று ஐயா மகிழ்ந்திருக்கிறார். தணிக்கைக்காரர்கள் வரும்வரை மகிழட்டும்.

ஒரே ஒரு பணிவான விண்ணப்பம். அடுத்த முறை படிவம் அச்சிடும்போது, ஐயாவிடம் ஏச்சு வாங்கியவர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெயர் எழுதும் இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். பேனா நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மைக் அணைக்கப்பட்ட கிளை மேலாளர்