சுக்கு, வெந்தயம், எள்ளுருண்டை

கே: மாதவிலக்கின் முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறேன். பாட்டி சுக்குக் கஷாயம் தருகிறார். குடிக்கலாமா? - கல்லூரி மாணவி, கருவடிக்குப்பம்

ப: குடியுங்கள், பாட்டி பக்கம் கொஞ்சம் சாட்சி இருக்கிறது. கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. வலி அதனால்தான். இஞ்சி அந்தச் சுரப்பைக் குறைக்கக்கூடும். ஆய்வுகளில் தந்தது நாளொன்றுக்கு முக்கால் கிராம் முதல் 2 கிராம் வரை தூள், முதல் மூன்று நான்கு நாட்களுக்கு. ஏறக்குறைய அரை டீஸ்பூன் சுக்குத்தூளைப் பிரித்துக் குடித்தால் போதும். அதிகம் போட்டால் வலி போகாது, நெஞ்செரிச்சல்தான் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கே: நான் வெந்தயத்தை முழுசாக விழுங்கி மோர் குடிக்கிறேனே? - வாசகி, லாஸ்பேட்டை

ப: மோர் நல்லது! ஈரானில் நடந்த ஆய்வில் தந்தது வெந்தயத்தூள்: 900 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, முதல் மூன்று நாள். வலி குறைந்தது. ஆனால் ஒரே ஒரு சிறிய ஆய்வை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. 2016இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் அலசிய காக்ரேன் குழுவும், வெந்தயம், இஞ்சி இரண்டுக்குமே சான்று பலவீனம் என்றுதான் சொன்னது. சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்கு வெந்தயம் சர்க்கரையை மேலும் இறக்கிவிடலாம், கவனம்.

கே: எள்ளுருண்டை?

ப: ருசி உண்டு, சான்று இல்லை. வலிக்கு என்று சொல்லாமல் சாப்பிடுங்கள்.

கே: தேதி தள்ளிப்போனால் எள்ளும் கருப்பட்டியும் தின்று வரவழைக்கலாம் என்கிறார்களே? - இல்லத்தரசி, முத்தியால்பேட்டை

ப: முதலில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்குங்கள். நாள் தள்ளி, அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சுரீரென்று வலித்து, தலைசுற்றி மயக்கமும் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது எள்ளைத் தேடக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.

கே: மகளுக்கு மாத்திரைக்கும் அடங்காத வலி. கல்யாணம் ஆனால் சரியாகும் என்கிறார் மாமியார். - தாய், கருவடிக்குப்பம்

ப: மாப்பிள்ளை வலிமாத்திரை இல்லையம்மா. சாதாரண வலி ரத்தம் வந்த இரண்டு மூன்று நாளில் அடங்கும். வயது ஏறக் குறைவதும் உண்டு. மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறதா? மற்ற நாட்களிலும் வலிக்கிறதா? மலம் கழிக்கும்போது வலிக்கிறதா? எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். மணிக்கொரு நாப்கின் நனைவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இருபத்தைந்துக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மாத்திரையையும் கடையில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்கவிடாதீர்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. வலித்த தேதிகளைக் குறித்து எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிப்போங்கள்.