கொழும்புக்குள்ளே ஒரு கொழும்பு

1976இல் அம்மாவை நீர்கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலேறி, கோட்டையில் இறங்கிப் புத்தளம் பாதை வண்டியைப் பிடிப்பார். ஒரு கையில் சோற்றுப் பார்சல், மறு கையில் செருப்பு. மழைக்காலத்தில் பிளாட்ஃபாரம் வழுக்கும். அப்பா முறையிடப் போனபோது, "மாவட்டத்துக்குள்ளேதானே போடுறம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொய்யில்லை. கம்பகா தனி மாவட்டமானது 1978இல்தான். அதுவரை நீர்கொழும்பும் கொழும்பு மாவட்டம்தான்.

இப்போது என் மகள் ஆசிரியை. இரத்மலானையில் மாகாணப் பாடசாலை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் ஒரே ஓட்டம். கைக்குழந்தை இருப்பதால் பம்பலப்பிட்டிப் பக்கம் மாற்றம் கேட்டாள். விண்ணப்பத்தில் 'கொழும்பு' என்று எழுதி, கொழும்பு வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வேலை மினக்கெட்டதுதான் மிச்சம்.

"ஐயா, இரத்மலானை எங்கட இல்லை, பிலியந்தலை வலயம்" என்றார் லிகிதர்.

"கொழும்பு மாவட்டம்தானே தம்பி?"

"மாவட்டம் கொழும்பு. வலயம் பிலியந்தலை."

கச்சேரிக்குக் கொழும்பு மாவட்டம் என்றால் கடற்கரையிலிருந்து பாதுக்கை தாண்டியும் போகும். கல்வி நிர்வாகமோ அந்த மாவட்டத்தைக் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என்று நான்கு வலயங்களாக வெட்டியிருக்கிறது. அவற்றில் கொழும்பு வலயம் ஏறக்குறைய மாநகரம் மட்டும். வெள்ளவத்தை உள்ளே, தெஹிவளை வெளியே. கடற்காற்று அடிக்கும் இரத்மலானைப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பான பணிப்பாளர், கடலே தெரியாத பிலியந்தலைக்காரர்.

ஆக, ரயில் மாறிப் போன அம்மா மாவட்டத்துக்குள்ளே இருந்தார். ஒரே பஸ்ஸில் போகும் மகள் வலயம் கடக்கிறாள். அவளைப் பிலியந்தலை விடுவிக்க வேண்டும், கொழும்பில் வெற்றிடம் இருக்க வேண்டும், இரண்டுக்கும் மேலே மாகாணக் கல்வித் திணைக்களம் தலையசைக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு தேசியப் பாடசாலை இருக்கிறதே என்று வாயைத் திறந்தேன். அது நேரே அமைச்சின் கீழ். அந்தக் கதை வேறு என்றார் லிகிதர்.

இந்த வலயக் கோடெல்லாம் ஆசிரியருக்கும் கடிதக் கோவைக்கும்தான். பிள்ளை உயர்தரம் எழுதி முடித்ததும் கோடு அழிந்துவிடும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அங்கே மாவட்டம் என்றால் கச்சேரிக்காரரின் மாவட்டம். டியூஷன் கடைகளுக்கு நடுவே வளர்ந்த வெள்ளவத்தைப் பிள்ளைக்கும், ஹோமாகம வலயத்துப் பாதுக்கையில் றப்பர் தோட்டத்தோரம் படித்த பிள்ளைக்கும் அதே இசட் புள்ளி வெட்டு. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் கொழும்பு இல்லை. பாதுக்கைக்காகத் தனிவரி எழுதவும் அதில் இடமில்லை.

விண்ணப்பத்தை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். 'வலயம்' என்ற இடத்தில் என் 'கொழும்பு'க்கு மேல் சிவப்புக் கோடு. 'மாவட்டம்' என்ற இடத்தில் அதே 'கொழும்பு'க்குப் பக்கத்தில் சரி அடையாளம்.




"அப்பா, இதில நீங்கள் எழுதினது சரியா பிழையா?" என்றாள்.