கோட்டைக் கழட்டு, டீமேக்கரைப் பாரு

ஏண்டா பேராண்டி, 'சமர் இன்டர்ன்ஷிப்' போகப்போறியாமே? ஹட்டன்ல ஏதுடா கோடை? ஒனக்குக் கெடைக்கிறது ஆகஸ்ட் லீவு. அப்ப இங்கன கொட்டுற மழையில ஆடே வெளிய வராது. நீ கோட்டு தைக்க அளவு குடுத்திருக்கியாம்!

கொழும்புக் கம்பெனிக்கு நாலு பக்கத்துல மெயில் போட்டியாமே? தலவாக்கலையில 1925ல தொடங்குன தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அதுக்கும் எழுது, வேணாங்கல. ஆனா கூப்பிடு தூரத்துல பெக்டரி இருக்கே, அது கண்ணுல படலியா? அதிபர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கு. பெரிய தொரை பேருக்கு எழுதியிருக்கணும். குடுக்குறதுக்கு முந்தி டீமேக்கர் ஐயாவைப் பாத்துப் பேசிரு. ஏன்னா தொரை அவரைத்தான் கேப்பாரு: "இந்தப் பய தொந்தரவா இருப்பானா?" விடியக்காலையில ரோலர் ஓடுற நேரத்துல போய் நிக்காத, அவரு ஒன்னைய ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு.

பேரு விழுமான்னு கேக்காத. விழாது. சோறும் நீதான் கட்டிக்கிட்டுப் போவணும். மெஷின்ல கை வைக்க விட மாட்டாங்க. பதினெட்டு ஆவாத புள்ளைக்கு ஆபத்தான வேலை குடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அப்ப என்னதான் செய்யிறதுங்கிறியா? ஒரு கொப்பி வாங்கு.

பெக்டரியில நிக்கிற ரெண்டு வாரமும் அதுல நாலே நாலு கணக்கு எழுது. வந்த பச்சைக் கொழுந்து எத்தனை கிலோ, அன்னிக்கு மழையா வெயிலா, எத்தனை மணிநேரம் வாட்டுனாங்க, கடைசியில தூளு எத்தனை கிலோ. ஆயிரம் கிலோ கொழுந்து வந்தா, வாடி முடியிறப்ப ஏறக்குறைய பாதியாயிரும். தூளா எறங்குறப்ப இருநூத்திப் பதினஞ்சு கிலோ வாக்குல நிக்கும். மழ நாள்ல அதுவும் கொறையும். ஏன் கொறையுது? கொழுந்தோட தண்ணியையும் சேத்துல்ல நிறுத்திருக்கோம்! தண்ணி காய நேரமும் கூடப் புடிக்கும். அவசரப்பட்டு அரைகுறையா வாட்டுனா ரோலர்ல சாறு ஒழுகிரும், சாயம் போயிரும்.

வாட்டம் சரியான்னு பாக்க மீட்டர் தேடாத. ஒரு கைப்பிடி கொழுந்தை அமுக்கிட்டு விடு. உருண்டையா நின்னா சரி. பொசுக்குன்னு விரிஞ்சா இன்னும் வாடணும். காம்பு மடக்குனா 'டக்'குன்னு ஒடியக்கூடாது. இதை வாட்டுற மாடியில நிக்கிற அக்காமாரு சொல்லித் தருவாங்க, 'அக்கா'ன்னு கூப்பிடத் தெரிஞ்சா.

முடிக்கிறப்ப சர்டிபிகேட்டுக்கு அலையாத. அந்தக் கொப்பியில டீமேக்கர்கிட்ட ஒரு கையெழுத்தும் தேதியும் வாங்கிக்க, போதும். கடுதாசியை ஜூலையிலயே குடுத்திரு. ஆகஸ்ட்டு பொறந்தப்பறம் போனியின்னா, "அடுத்த வருசம் வா தம்பி"ம்பாங்க.