கறிவேப்பிலைக்கு 18-ஆம் தேதி

மாசக் கடைசி ஞாயிறு வந்துவிட்டால் மச்சான் மடிக்கணினியோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவான். செடியைப் பார்க்க அல்ல, அடுத்த மாச அட்டவணை போட. வாரம் 2 வீடியோ, மாசத்துக்கு 8 வரிசை. வரிசைக்கு ஒரு தேதி, ஒரு கீவேர்டு, ஒரு கேள்வி. தோட்டம் அத்தையுடையது, பேசுவதும் அத்தைதான். கேமரா பிடிப்பது நான். சேனல் மட்டும் அவனுடையது.

அந்த 'ஒரு' என்பதில்தான் பையனின் உயிர் இருக்கிறது. அன்றைக்குச் செம்பருத்தி மாவுப்பூச்சி வீடியோ. அத்தை அருமையாக ஆரம்பித்தார்: "மொதல்ல எறும்பு ஊறுதான்னு பாருங்க. மாவுப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்புதான் அதைச் செடி செடியா கொண்டுபோய் விடும். கறிவேப்பிலையிலயும் இப்படித்தான்..."

"கட்! அம்மா, கறிவேப்பிலை 18-ஆம் தேதி."

"வாய்ல வந்ததைப் பாதியில முழுங்கச் சொல்றியா?"

"கறிவேப்பிலைன்னு தேடுறவன் இந்த வீடியோவுக்கு வரமாட்டான்மா. செம்பருத்திக்காக வந்தவன் கறிவேப்பிலையைக் கேட்டதும் எந்திரிச்சுப் போயிடுவான்."

அத்தை மறுபடி ஆரம்பித்தார். இந்தமுறை அவருடைய பிறந்தகத்துத் தோட்டத்திலிருந்து. அதற்கும் கட். கேள்விக்கான பதில் முதல் அரை நிமிஷத்துக்குள் தலைகாட்ட வேண்டுமாம். தாத்தா கிணறு வெட்டிய கதைக்கு அட்டவணையில் தேதியே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக்கரைசல், சாயங்காலம் தெளிக்கணும், வாரம் ஒருதரம். இதைச் சொல்லி முடிக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

கீவேர்டைப் பிடிப்பதே தனிச் சடங்கு. யூடியூப் தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவான், கீழே என்னென்ன இறங்குகிறது என்று தூண்டில்காரன் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பான். 'மாவுப்பூச்சி' என்று நான் சுத்தத் தமிழில் எழுதிக்கொடுத்ததைத் தள்ளிவிட்டு, `sembaruthi chedi poochi` என்பதை எடுத்தான். "பூச்சியோட பேர் தெரிஞ்சவன் ஏன் அத்தான் நம்மகிட்ட வரப்போறான்?" நியாயம்தான். 'மாடித்தோட்டம்' என்று மட்டும் போடலாமே என்றேன். அந்தத் தேடலில் பெரிய பெரிய சேனல்கள் பாய் விரித்துப் படுத்திருக்கின்றன, நாம் காலை நீட்டக்கூட இடமில்லை என்றான்.

கேள்விக் கட்டத்தை மட்டும் சொந்தமாக எழுத மாட்டான். பின்னூட்டத்தில் யாரோ கேட்டதை எழுத்துப்பிழையோடு அப்படியே எடுத்து ஒட்டுவான்: 'வெள்ளயா பஞ்சு மாரி ஒட்டிருக்கு என்ன செய்ய'. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பெரியம்மா ஒருவர் "ஏம்ப்பா, மல்லி பூக்கவே மாட்டேங்குது, எரு போடணுமா, கிளை வெட்டணுமா?" என்று கேட்டுவிட்டார். சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, இவன் போனை எடுத்துக்கொண்டு, "பெரியம்மா, இதுல ரெண்டு கேள்வி இருக்கு. எது முக்கியம்னு சொல்லுங்க" என்றான். அவர் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆடிப்பட்ட விதை வீடியோவை ஆனிக் கடைசியிலேயே போட்டுவிடுவான். விதைக்குமுன் தேடுகிறவன்தானே வருவான்? அதில் எனக்குக் குறை இல்லை. குறை வேறு. போன மாசம் ரோஜாவில் சிலந்திப்பூச்சி ஏறி இலையெல்லாம் வெளுத்தது. உடனே மருந்தடித்து அதையே படம் பிடிக்கலாம் என்று அத்தை கெஞ்சினார். "8 வரிசையும் நிறைஞ்சிடுச்சும்மா, அடுத்த மாசம் முதல் வரிசை தர்றேன். பூச்சி அப்படியே இருக்கட்டும், ஷூட்டுக்கு வேணும்." முதல் வரிசை வந்தபோது செடி இல்லை, குச்சிதான் இருந்தது. என் மாமனார் வைத்த ரோஜா அது. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். செம்பருத்தி வீடியோ போட்டு இரண்டு வாரம் கழித்து, ஸ்டூடியோவில் எதைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். மொட்டு உதிர்வதைப் பற்றித் தேடியவர்களும் வந்திருந்தார்கள், பதில் கிடைக்காமல் பாதியில் போயிருந்தார்கள். "பாவம் அத்தான், வந்தவங்க வெறுங்கையோட போயிருக்காங்க" என்றவன், அடுத்த மாசத்தில் ஒரு வரிசையைக் காலிசெய்து அதை உள்ளே போட்டான். தண்ணீர் ஒருநாள் காய்ந்து ஒருநாள் தேங்கினாலும் மொட்டு உதிரும் என்று அத்தை அதில் ஆற அமரச் சொன்னார். ஒரு கட் கூட இல்லை.

அடுத்த மாச அட்டவணை நேற்று வாட்ஸப்பில் வந்தது. 29-ஆம் தேதி வரிசையில் கேள்விக் கட்டத்தில், வழக்கம்போலப் பின்னூட்டத்திலிருந்து எடுத்து ஒட்டியது: 'கேமரா பிடிக்றவர் கை ஏன் இப்டி ஆடுது'. கீவேர்டு கட்டம் காலி. கேட்டதற்கு, "தேடிப்பார்த்தேன் அத்தான், உங்களை யாருமே தேடலை" என்றான்.