சுய விருப்பத்தோடு ஒரு கையெழுத்து

மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வெளியிடும் வேலை அறிவிப்பில் பதவியும் சம்பளமும் மேலே இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கீழேயிருந்து படிப்பார்கள். நிபந்தனைகள் அங்கேதான் இருக்கின்றன. பதவி முற்றிலும் தற்காலிகமானது. எக்காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்படமாட்டாது. இவ்வளவுக்கும் சம்மதம் என்று சுய விருப்ப ஒப்புதல் கடிதம் வேறு எழுதித் தர வேண்டும். கழுத்தை நீட்டினால் மட்டும் போதாது, விரும்பித்தான் நீட்டினேன் என்று கையெழுத்தும் போட வேண்டும்.

செவிலியர் வேலைக்கு 18,000 ரூபாய் தொகுப்பூதியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை, அரசு மருந்து, அரசு ஊசி, புதன்கிழமை தோறும் அரசின் தடுப்பூசி முகாம். முதலாளி யார் என்று கேட்டால் மட்டும் அரசு இல்லை. சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம்! தலைவர் மாவட்ட ஆட்சியர். வேலை வாங்கும்போது அவர் ஆட்சியர்; உரிமை கேட்டுப் போனால் சங்கத் தலைவர். நம் தெருவிலும் குடியிருப்போர் நலச்சங்கம் உண்டு. அது இத்தனை சாமர்த்தியமாக நடந்து பார்த்ததில்லை.

ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதம். வாடகை வீட்டுக்கும் அதே கணக்குதான், குடியிருப்பவருக்கு உரிமை வந்துவிடக் கூடாது என்ற அதே பயம்தான். பிறகு புதுப்பிப்பு. அது உங்கள் வேலையைப் பார்த்து வருவதென்று நினைக்காதீர்கள். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணம் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. மாநிலம் ஒரு செயலாக்கத் திட்டம் எழுதி அனுப்பும், டெல்லி அதைத் திருத்தி ஒப்புதல் தரும். அந்த ஒப்புதல் ஏட்டில் உங்கள் பதவி ஒரு வரி. வரி அடிபட்டால் நீங்களும் அடிபட்டீர்கள். நீங்கள் ஐந்து வருடம் ஒரு நாள் விடாமல் பிரசவம் பார்த்தவரா என்பது அந்த ஏட்டில் ஏறாது.

வரி தப்பித்தாலும் ஆணை நேரத்துக்கு வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பழைய ஒப்பந்தம் முடிந்து, புதியது வராமல், வேலை மட்டும் தொடரும் வாரங்கள் உண்டு. சம்பளம் எங்கே என்றால் நிதி வரவில்லை என்பார்கள். நோயாளி மட்டும் நிதியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, அவர் பாட்டுக்கு வந்துவிடுகிறார்.

பக்கத்து மேசை நிரந்தரச் செவிலியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை ஏறும், ஊதிய உயர்வு தானாக வரும். உங்கள் 18,000 அசையாது. தமிழ்நாட்டு அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. ஒப்பந்தக்காரிக்கு? டெல்லியில் அரசு மருத்துவமனை ஒன்றின் ஒப்பந்த மருத்துவர் 2017 ஜூன் 1 முதல் விடுப்பு கேட்டார். ஒப்பந்தம் 11-ஆம் தேதி முடிகிறதே, அதனால் 11 நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது நிர்வாகம். சட்டம் சொல்வது 26 வாரம். ஒப்பந்தம் முடிந்தாலும் அந்தப் பலன் முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2023 ஆகஸ்ட் ஆயிற்று. தாய்ப்பாலுக்கான காலத்தைக் கேட்டவருக்கு, பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில் தீர்ப்பு!

நிரந்தரம் கேட்டால் உடனே 2006-இன் உமாதேவி தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். கொல்லைப்புறமாக வந்தவர்களை நிரந்தரமாக்க முடியாதாம். வாசலில் அறிவிப்பு ஒட்டி, மதிப்பெண் பார்த்து, சான்றிதழ் சரிபார்த்து உள்ளே விட்டது யார்? நீண்டகாலம் உழைத்தவர்களை விரட்ட அந்தத் தீர்ப்பை ஆயுதமாக்குவதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கண்டித்துவிட்டது. கோப்புகளுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூ தூவின. கொரோனாவுக்கென்று தமிழ்நாட்டில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31 கடைசி நாள் என்றாயிற்று. பூவுக்குத் தொகுப்பூதியம் கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் தூவலாம்.

ஆகவே, இந்த வேலைக்குப் போவதாக இருந்தால் சம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நடப்பு ஒப்புதலில் இந்தப் பதவி எந்த ஆண்டு வரை இருக்கிறது என்று கேளுங்கள். சென்ற முறை புதுப்பித்தபோது எத்தனை நாள் இடைவெளி விட்டார்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்று அங்கே இருப்பவர்களிடம் விசாரியுங்கள். வருங்கால வைப்புநிதி எண் உண்டா என்று கேளுங்கள். 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்கிறவரை அதிலிருந்து விலக்கி வைக்கச் சட்டத்தில் வழியுண்டு, அதனால் 18,000 என்பது அத்தனை தாராளமும் இல்லை. ஒவ்வொரு பணி ஆணையையும் வருகைப் பதிவையும் நகலெடுத்து வையுங்கள், நாளைக்கு நீதிமன்றம் கேட்பது அதைத்தான்.

இதையெல்லாம் நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டவருக்கு வேலை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.