சனி பிடித்தது நிலாவை அல்ல

கேள்வி: இன்ஸ்டாகிராமில் வருமான வரி பற்றி எழுதுகிறேன். 2024 ஆகஸ்டில் 'புதிய வரி முறை: ஒன்பதே ஸ்லைடில்' என்று ஒரு கேரசல் போட்டேன். இன்றும் அதைத்தான் சேவ் செய்கிறார்கள். 2025 பட்ஜெட்டில் அடுக்குகள் மாறிவிட்டன. அதே போஸ்ட்டில் பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்க முடியாதா?
(வரி ஆலோசகர், ஈரோடு)

பதில்: முடியாது. கேப்ஷனைத் திருத்தலாம். வேண்டாத ஸ்லைடு ஒன்றை மட்டும் நீக்கலாம். மனம் மாறினால் 30 நாளுக்குள் மீட்கலாம். நீக்கிய இடத்தில் வேறு படத்தைச் செருகத்தான் வழியில்லை. '4/9' என்று எண் போட்டிருந்தால் நான்காவதை நீக்கியதும் போஸ்ட் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். எனவே புதிதாக இன்னொரு கேரசல்தான். (இது நான் எழுதும் நாள் வரையிலான நிலவரம். இந்தப் பதிலுக்கே ஒரு தேதி தேவைப்படுகிறது பாருங்கள்.)

கேள்வி: புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை அழித்துவிடட்டுமா? இரண்டும் இருந்தால்தானே குழப்பம்?
(அதே ஈரோட்டுக்காரர்)

பதில்: அழித்தால்தான் குழப்பம். உங்கள் பழைய கேரசல் தப்பு என்று யார் சொன்னது? அது 2024-25 நிதியாண்டுக்கான கணக்கு. அந்த வருடத்து வருமானத்துக்கு மக்கள் ரிட்டர்ன் போட்டதே 2025-ன் நடுவில்தான். அதாவது பட்ஜெட்டில் புது அடுக்கு வந்து மாதங்கள் ஆன பிறகும், கையில் இருந்த வேலைக்குப் பழைய அடுக்குதான் சரி.

ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் 12,75,000 ரூபாய். புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக மிச்சம் 12 லட்சம். 2024-25 அடுக்கின்படி முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு 20,000. 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு 30,000. மீதி 2 லட்சத்துக்கு 15 சதவீதம், இன்னொரு 30,000. ஆக 80,000, 4 சதவீத செஸ் சேர்த்தால் 83,200. அதே மனிதருக்கு 2025-26 அடுக்கின்படி 4 முதல் 8 லட்சத்துக்கு 20,000, 8 முதல் 12 லட்சத்துக்கு 40,000. மொத்தம் 60,000. அந்த 60,000-மும் தள்ளுபடியில் போய்விடுகிறது. வரி பூஜ்யம்.

2025 ஜூலையில் அவர் உங்கள் புதுக் கேரசலை மட்டும் பார்த்து, 'எனக்கு வரியே இல்லையே' என்று போன வருடத்துக்கு ரிட்டர்ன் போட உட்கார்ந்திருந்தால்? 83,200 ரூபாய் குழப்பம் அது. பழையதை அழித்த கை உங்களுடையது, நோட்டீஸ் வரும் முகவரி அவருடையது.

இன்னொன்று. போஸ்ட்டை அழித்தாலும் ஆர்க்கைவ் செய்தாலும், சேவ் செய்தவரின் பட்டியலிலிருந்து அது காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பிய லிங்க் செத்துப்போகும். ஆர்க்கைவில் லைக்கும் கமென்ட்டும் பத்திரமாக இருக்கும் என்பது உங்களுக்கு ஆறுதல், அவருக்கு அல்ல.

கேள்வி: சரி, அழிக்கவில்லை. எதை முதலில் செய்வது?
(விடாக்கண்டர், மீண்டும் ஈரோடு)

பதில்: பழையதைத்தான் முதலில் தொடவேண்டும். புதியதைப் போட்டுவிட்டு 'நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்' என்று படுத்தால், அன்றிரவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போடும்.

பழைய கேப்ஷனின் முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: '2024-25 வருமானத்துக்கு மட்டும். 2025 ஏப்ரல் முதலான வருமானத்துக்கு வேறு அடுக்கு. எங்கள் பக்கத்தின் மேல்வரிசையில் இருக்கிறது.' முதல் வரியில்தான் எழுதவேண்டும், ஏனென்றால் சுமார் 125 எழுத்துக்குமேல் 'மேலும்' என்ற மடிப்புக்குள் போய்விடும். கேப்ஷனில் லிங்க் போட்டால் அழுத்த முடியாது. அதனால்தான் 'மேல்வரிசை' என்று வழி சொல்கிறோம்: ப்ரொஃபைலில் மூன்று போஸ்ட்டுகளைப் பின் செய்யலாம், அதில் ஒரு இடத்தைப் புதியதற்கு ஒதுக்குங்கள். பழையது அங்கே பின் செய்யப்பட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அதே வாசகத்தைப் பழைய போஸ்ட்டில் ஒரு கமென்ட்டாகவும் எழுதி மேலே நிறுத்துங்கள். கேப்ஷன் படிக்காதவர்கள் கமென்ட் படிப்பார்கள். சண்டை இருக்கிறதா என்று பார்க்கவாவது.

பிறகு புதியது. அட்டைப்படத்தின் முகம் பழையதைப் போலவே இருக்கட்டும். சேவ் செய்தவர் 'அட, நம்ம சங்கதி' என்று அடையாளம் காணவேண்டும். ஆனால் அச்சு அசலாக இருந்தால் 'பார்த்தாச்சு' என்று விரல் மேலே தள்ளிவிடும். எனவே மேலே ஒரு பட்டை, வேறு நிறத்தில், பெரிய எழுத்தில் '2025-26'. கட்டத்தில் பொடியாகத் தெரியும்போதும் படிக்க முடிகிற அளவில்.

இரண்டாவது ஸ்லைடுதான் பழைய ஃபாலோயருக்கான இடம். 'போன கேரசலைப் பார்த்தவர்களுக்கு: மாறியது இது, மாறாதது இது.' வரியில்லாத அடுக்கு 3 லட்சத்திலிருந்து 4 லட்சம். தள்ளுபடியால் வரி பூஜ்யமாகும் வருமானம் 7 லட்சத்திலிருந்து 12 லட்சம். நிலைக்கழிவு அதே 75,000. அவ்வளவே. அவர் மூன்றாவது ஸ்லைடுக்குப் போகாமல் போனாலும் வந்த காரியம் முடிந்தது.

இரண்டாவதை இப்படிச் செதுக்குவதற்கு இன்னொரு காரணம்: முதல் படத்தோடு நகர்ந்துவிட்டவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே கேரசலை இரண்டாவது படத்திலிருந்து மறுபடி காட்டும். அவர் அட்டையைப் பார்க்காமலே உள்ளே வருகிறார். வருடம் அட்டையில் மட்டும் இருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

கேள்வி: கேப்ஷனில் 'அப்டேட் செய்யப்பட்டது' என்று போட்டால் போதாதா?
(சோம்பேறி, சேலம்)

பதில்: ஸ்க்ரீன்ஷாட் கேப்ஷனைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. உங்கள் ஐந்தாவது ஸ்லைடு மட்டும் தனியாளாக ஒரு குடும்ப குரூப்புக்குப் போய்ச் சேரும். எல்லா ஸ்லைடின் அடியிலும் வருடம் இருக்கட்டும்.

'அப்டேட்' என்ற சொல்லும் எதையும் சொல்வதில்லை. எந்த நாளில், எதிலிருந்து எதற்கு என்று சொன்னால்தான் அது சேதி.

கேள்வி: 'பழசையே திரும்பப் போட்டு ஏமாத்துறீங்க' என்று ஒருவர் கமென்ட் போட்டார். பதில் சொல்லவா, விட்டுவிடவா?
(புண்பட்டவர், திருச்சி)

பதில்: ஒன்பதில் இரண்டு ஸ்லைடுதான் மாறியிருக்கிறது என்றால், அவர் சொல்வதில் ஏழு பங்கு நியாயம். அத்தனை கொஞ்சம் மாறினால் முழுக் கேரசலையும் மறுபடி போடாதீர்கள்; மாறியதை மட்டும் ஒரு ஸ்டோரியாகப் போட்டு, பழைய கேப்ஷனைத் திருத்துங்கள். பாதிக்குமேல் மாறினால் தைரியமாகப் புதிதாகப் போடலாம். அப்போது 'இரண்டாவது ஸ்லைடில் மாற்றங்கள் இருக்கின்றன, அண்ணா' என்று ஒரு வரி போதும். அண்ணா சமாதானமாகாவிட்டாலும் மற்றவர்கள் ஸ்வைப் செய்து பார்ப்பார்கள்.

கேள்வி: என்னுடையது வானியல் பக்கம். 2019-ல் 'சனியின் 82 நிலாக்கள்' என்று கேரசல் போட்டேன். எண் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடவேண்டுமா?
(ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: சனி பிடித்தது நிலாவை அல்ல, உங்கள் தலைப்பை. மாறக்கூடிய எண்ணை அட்டையில் ஏற்றிவிட்டீர்கள். 2023-ல் கணக்கு 140-ஐத் தாண்டியது. 2025 மார்ச்சில் ஒரே வீச்சில் 128 சேர்ந்து 274 ஆனது. எல்லாம் சில கிலோமீட்டர் அகலப் பாறைத் துண்டுகள், ஹவாயில் உள்ள ஒரு தொலைநோக்கியால் திரும்பத் திரும்பப் படமெடுத்துக் கண்டுபிடித்தவை. இன்னும் வரும்.

அடுத்த முறை தலைப்பு 'சனிக்கு எத்தனை நிலா?' என்றே இருக்கட்டும். எண் ஒரே ஒரு ஸ்லைடில், 'மார்ச் 2025 நிலவரம்' என்ற தேதியோடு. மற்ற ஸ்லைடுகளில் டைட்டனைப் பற்றியும், 1655-ல் ஹைகன்ஸ் அதைக் கண்டதைப் பற்றியும் எழுதுங்கள், அது மாறப்போவதில்லை. இங்கே ஈரோட்டுக்காரரின் பிரச்சினை இல்லை என்பதையும் கவனியுங்கள். 82 என்ற எண்ணை வைத்து யாரும் ரிட்டர்ன் போடவேண்டியதில்லை. பழைய கேப்ஷனில் 'இது 2019 கணக்கு' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக விடலாம். 82 எப்படி 274 ஆனது என்பதே உங்கள் புதிய இரண்டாவது ஸ்லைடு.

கேள்வி: '13 லட்சம் வருமானம் என்றால் 12 லட்சத்துக்கு மேலுள்ள 1 லட்சத்துக்கு மட்டும் வரி, 15,000 ரூபாய்' என்று போட்டுவிட்டேன். தப்பு என்று இப்போது தெரிகிறது. சத்தமில்லாமல் 'புதுப்பிக்கப்பட்ட பதிப்பு' என்று போட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்)

பதில்: கூடாது. உலகம் மாறினால் புதுப்பிப்பு. நீங்கள் சறுக்கினால் திருத்தம். 12 லட்சம் வரை வரி பூஜ்யமாவது தள்ளுபடியால். அது அடுக்கு அல்ல. கழிவுகள் போக 13 லட்சம் நிற்கிறது என்றால் தள்ளுபடி கிடையாது. 20,000-மும் 40,000-மும் 15,000-மும் சேர்ந்து 75,000, செஸ்ஸோடு 78,000. 'புதுப்பிப்பு' என்று நீங்கள் சொன்னால், உங்களை நம்பி 15,000 எடுத்து வைத்தவர், போன மாதம் வரை அது சரியாக இருந்தது என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வகைக்கு மட்டும், பழையதை அழிக்காதீர்கள் என்று மேலே சொன்ன விதி தலைகீழ். எந்த வருடத்துக்கும் பொருந்தாத ஸ்லைடை நீக்குங்கள். கேரசலே அதன்மேல் நிற்கிறது என்றால் முழுவதையும் ஆர்க்கைவ் செய்யுங்கள். புதிய அட்டையில் 'திருத்தம்' என்ற சொல் இருக்கட்டும். தப்பாகச் சொன்னதையும் சரியானதையும் ஒரே ஸ்லைடில் அருகருகே வையுங்கள். பழைய லிங்க் செத்துப்போவதால், ஸ்டோரியிலும் இரண்டு மூன்று நாள் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் குழப்பம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(சந்தேகி, சென்னை)

பதில்: 'இது எந்த வருஷத்துக்கு?' என்று ஒரு கமென்ட் வந்தால் உங்கள் பட்டை சிறிது. ஐந்து வந்தால் பட்டையே இல்லை. பழைய போஸ்ட்டின் சேவ் எண்ணிக்கையைப் புதியதைப் போட்ட நாளில் குறித்துவைத்து, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால், வாசகர்கள் இன்னும் பழைய வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். அங்கே மாட்டிய போர்டைப் போய் ஒருமுறை படித்துப் பாருங்கள், அவர்கள் கண்ணால்.

கேள்வி: பிப்ரவரி 1 பட்ஜெட் அன்று மாலையே புதிய பதிப்பைப் போட்டுவிடலாமா? முந்திக்கொள்ள வேண்டுமே!
(ஈரோடு, வேறு யார்?)

பதில்: போடுங்கள், 'முன்மொழிவு' என்ற பட்டையோடு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகு பட்டையை மாற்ற இன்னொரு கேரசல் போடவேண்டி வரும் என்பது நினைவிருக்கட்டும். எனக்கென்னவோ அன்று மாலை ஒரு ஸ்டோரி போதும் என்று படுகிறது. 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும்; அதை யாரும் புதுப்பிக்க வேண்டியதில்லை.