ஏழு நாள் பால் யார் தலையில்?

மடிநோய் கண்ட பசுவுக்குக் காலையில் காம்பு வழியாக மருந்து ஏற்றுகிறோம். மாலையிலேயே அதன் பால் சங்கத்துக் கேனில் விழுகிறது. இந்த நாட்டில் எதுவும் வேகமாக நடப்பதில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

சட்டம் இருக்கிறது, பயப்பட வேண்டாம். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலையும் கறியையும் விற்கக்கூடாது என்று மருந்திலேயே அச்சிட வேண்டும் என 2012-இல் விதி வந்தது. உறுதிசெய்த நாள்கணக்கு இல்லாத மருந்தென்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். அச்சிடவும் செய்கிறார்கள்: பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், மாடு வளர்ப்பவர் கைக்கு வந்துசேராத அட்டைப்பெட்டியில்.

நல்ல மனசுக்காரர்கள் நோய்க்காம்பின் பாலை மட்டும் தரையில் பீச்சிவிட்டு மற்ற மூன்றையும் ஊற்றுகிறார்கள். ஒரு காம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளிலும் வரும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? காய்ச்சினால் போய்விடும் என்று நாமும் நம்புகிறோம். காய்ச்சினால் கிருமிதான் சாகும். பெனிசிலினில் பெரும்பங்கு அப்படியே நிற்கும். ஒவ்வாமை உள்ளவருக்குத் தடிப்பு, மற்றவர் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்குப் பயிற்சி.

ஆயிரம் லிட்டரில் கலந்தால் காணாமல் போகும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு லட்சம் யூனிட் பெனிசிலின் என்பது 60 மில்லிகிராம். சர்வதேச வரம்பு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம். ஏற்றியதில் பத்தில் ஒரு பங்கு பாலில் வந்தாலே சுமார் 1,500 லிட்டரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போகலாம். பழி மட்டும் உறைமோருக்கு.

2018-இல் நாடு முழுக்க 6,432 மாதிரிகளைச் சோதித்தபோது 77-இல் மருந்து வரம்பைத் தாண்டியிருந்தது. வெறும் 1.2 சதவீதம்தானாம். அந்த 77-ஐயும் யாரோ குழந்தைக்கு ஆற்றிக் கொடுத்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் குற்றவாளி யார்? ஒற்றை மாட்டுக்காரர்தான், வேறு யார்! நாளுக்கு 8 லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்று வையுங்கள். ஏழு நாள் கொட்டினால் 1,960 ரூபாய் போச்சு. அதை நம் ஆரோக்கியத்துக்காக அவர் தானம் செய்ய வேண்டுமாம். நோய் தீராத மாட்டுக்கு 28 நாள் தீனி போட்டுவிட்டு, பிறகுதான் அடிமாட்டுக்கு விற்க வேண்டுமாம். மாடு செத்தால் காப்பீடு கேட்கலாம். கொட்டிய பாலுக்கு எங்கே கேட்பது? கொழுப்பில் ஒரு புள்ளி குறைந்தால் காசைப் பிடிக்கத் துல்லியமான கருவி வாங்கிய சங்கங்களில், மருந்தைக் காட்டும் பட்டை மட்டும் தேடினாலும் கிடைப்பதில்லை.

சங்கத் தலைவர்களே, மருந்து ஏற்றிய தேதியைப் பால் அட்டையில் எழுதுங்கள். அந்த நாட்களின் பாலை வாங்கிக் கொட்டுங்கள். காசை அவருக்குக் கொடுங்கள்.